பில்லை விற்றுப் பணம் வாங்கும் டிரெட்ஸ்: மூன்று வருட அனுபவம்

கப்பலூரில் சிறிய ரப்பர் பட்டறை நடத்துகிறேன். வண்டிகளுக்கான புஷ், வாஷர்தான் சரக்கு. பாதிக்கு மேல் ஒரே பெரிய கம்பெனிக்குப் போகிறது. ஒப்பந்தப்படி 45 நாளில் பணம் வர வேண்டும். வந்தது 80, 90 நாளில். சித்திரைத் திருவிழா சமயத்தில் பையன்கள் அட்வான்ஸ் கேட்டால், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியே கைநீட்டுவதுதான் வழக்கம்.

மூன்று வருடத்துக்கு முன் டிரெட்ஸில் சேர்ந்தேன். சிறுதொழில்காரர்கள் பில்லை விற்க ரிசர்வ் வங்கி அனுமதித்த இணையதளங்கள் இவை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு வேண்டும். பில்லை ஏற்றியதும், வாங்கிய கம்பெனி அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு வங்கிகள் வட்டி சொல்லி ஏலம் கேட்கும். பிடித்த விலையை ஏற்றால் அடுத்த வேலைநாளில் பணம். வங்கிகள் பார்ப்பது கம்பெனியின் தரத்தை, என் பட்டறையை அல்ல. அதனால்தான் வட்டி குறைவு. கெடு நாளில் கம்பெனி கணக்கிலிருந்தே வங்கி எடுத்துக்கொள்ளும். அங்கே பணம் இல்லாவிட்டாலும் என்னிடம் திருப்பிக் கேட்க முடியாது.

ஒரு பில்லைச் சொல்கிறேன். 6 லட்சம், 15ஆம் நாள் ஒப்புதல், மீதி 30 நாள், வட்டி 9 சதவீதம். கழித்தது சுமார் 4,440 ரூபாய். தளத்தின் கட்டணம் தனி. வெளியே வாங்கியிருந்தால் அதே மாதத்துக்கு 12,000.

இதில் எல்லாம் அந்த 15ஆம் நாளில்தான் இருக்கிறது. ஒப்புதல் வராத பில் வெறும் காகிதம். ஒருமுறை சரக்கில் 200 வாஷரைத் தரச் சோதனையில் ஒதுக்கிவிட்டார்கள். டெபிட் நோட் போட்டுத் தொகை சரியாகும்வரை பில் அப்படியே கிடந்தது. 40ஆம் நாள்தான் ஒப்புக்கொண்டார்கள். மிச்சம் ஐந்து நாளுக்கு எதை விற்பது? இப்போது சரக்கு இறங்கிய மறுநாளே அவர்கள் ஸ்டோருக்குப் போன் செய்து, எத்தனை ஏற்றார்கள் என்று கேட்டு எழுதிவைத்துவிடுகிறேன்.

சூடுபட்டது இன்னொன்றில். சரக்கையும் பாக்கியையும் காட்டி வங்கியில் கடன் எடுக்கும் என் சி.சி. கணக்குக்கு, வரவேண்டிய பில்களும் அடமானம். முதலில் வங்கியிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கினேன், சரி. ஆனால் விற்ற பில்லை எங்கள் கணக்குப்பிள்ளை அந்த வங்கிக்குக் கொடுக்கும் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் பழைய பழக்கத்தில் சேர்த்துவிட்டார். மேனேஜர் கூப்பிட்டு, ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணமா என்று கேட்டார். நியாயம்தானே! நீக்கியதும் எடுக்கக்கூடிய தொகை குறைந்தது. அதாவது டிரெட்ஸ் பணம் முழுவதும் கூடுதல் பணம் அல்ல. ஒரு பகுதி இடம் மாறியதுதான்.

250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸில் சேர்ந்தாக வேண்டும். மாசி வீதி மொத்தக் கடைக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் பாக்கிக்கு இன்னும் சனிக்கிழமைதோறும் நேரில் போய் நிற்கிறேன்.