ஊரில் கன்றுக்குக் காயடிக்க டாக்டர் அனுப்புகிறேன் என்று இங்கே பணம் வாங்குகிறார்கள், உஷார்

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் மாடு கன்று வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாகத் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் படியுங்கள். ஏனென்றால் டாக்டர் என்று வரும் போலி ஆள் அந்தப் பக்கம்தான் சுற்றுகிறான், அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் இங்கே தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்கிறார்.

எங்கள் வீட்டில் இரண்டு உம்பளச்சேரி காளைக்கன்றுகள். பெரியது பத்து மாதம் இருக்கும், சின்னதுக்கு மூன்று மாதம் தாண்டியிருந்தது, இன்னும் சாம்பல் நிறம் திரும்பாமல் செம்மண் நிறத்தில் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு இருந்தது. இரண்டையும் உழவுக்குப் பழக்குவதாகத் திட்டம். தம்பி காயடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். இங்கே தங்குவிடுதியில் பழக்கமான ஒருவர், "எனக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்து செய்வார், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார், பணத்தை மட்டும் என்னிடம் கொடுத்துவிடு" என்றார். இரண்டு கன்றுக்கும் சேர்த்து 90 வெள்ளி, அதில் மருந்துக்கு மட்டும் 25 வெள்ளி என்று தனியாகப் பிரித்துச் சொன்னார். கொடுத்தேன். வந்தவன் டாக்டர் இல்லை, மருந்தும் மயக்க மருந்து இல்லை. சின்னக் கன்றின் விதைப்பை அழுகியது. பெரியதில் ஒரு விதை அப்படியே உயிரோடு இருக்கிறது.

அவன் செய்தது எங்கே தப்பு என்று புரிய, சரியாக எப்படிச் செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் பிறகு வந்து கன்றைக் காப்பாற்றிய அரசு கால்நடை மருந்தக டாக்டர் தம்பியிடம் பொறுமையாக விளக்கியது, நானும் போனில் கேட்டேன்.

ரத்தமில்லாமல் காயடிக்கும் இடுக்கிக்குப் பர்டிசோ என்று பெயர். அதன் வாய் மழுங்கலாக இருக்கும், தோலை அறுக்காது. ஆனால் தோலுக்கு உள்ளே விதைக்குப் போகும் நரம்பை, அதாவது ரத்தக்குழாயும் விந்துக்குழாயும் சேர்ந்த அந்தக் கயிறு போன்றதை, நசுக்கிவிடும். ரத்தம் போகாத விதை மெல்லச் சுருங்கி உடம்போடு கரைந்துவிடும். வெளியே புண் இல்லாததால் ஈ மொய்க்காது, சீழ் பிடிக்கும் பயமும் குறைவு. இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. விதைப்பையின் தோலுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத்தான் அழுத்த வேண்டும். நரம்பை விரலால் பிடித்து விதைப்பையின் ஓரத்துக்குத் தள்ளி, விதைக்குச் சில சென்டிமீட்டர் மேலே கழுத்துப் பகுதியில் இடுக்கியை மூடி, அரை நிமிடம் போல அப்படியே வைத்திருக்க வேண்டும். அப்புறம் அதே பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் கீழே இன்னொரு அழுத்து. மற்றப் பக்கத்தில் அழுத்தும்போது கோடுகள் ஒரே மட்டத்தில் வந்து சேராமல் கொஞ்சம் மேலே கீழே தள்ளி இருக்க வேண்டும், நடுவில் தோல் தொடாமல் மிஞ்ச வேண்டும். அந்த நடுத்தோல் வழியாகத்தான் கீழே இருக்கும் பைக்கு ரத்தம் போகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைத் தம்பி போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். சின்னக் கன்றை வைக்கோல் கூடப் பரப்பாமல் சிமெண்ட் தரையில் தள்ளி, நான்கு காலையும் ஒன்றாகக் கட்டி, பெரிய மாட்டுக்கு வைத்திருந்த நீளக் கைப்பிடி இடுக்கியையே அதற்கும் வைத்தான். அந்த இடுக்கியின் வாய் அகலம், குட்டிக் கன்றின் விதைப்பையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மொத்தமாகப் பிடித்துவிட்டது. ஒரே அழுத்து, முடிந்தது என்று எழுந்துவிட்டான். கன்று கத்திய கத்தல் அந்தப் படத்தில் இருக்கிறது, நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வீங்கியது. வீக்கம் வருவது இயல்பு, இரண்டு மூன்று நாளில் கூடி, பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும் என்பதால் தம்பி முதலில் பயப்படவில்லை. ஆனால் அழுத்திய கோட்டுக்குக் கீழே தோல் தொட்டால் சில்லென்று இருந்தது, சிவப்பாக இருக்க வேண்டிய இடம் ஊதா நிறமாகி அப்புறம் கறுத்தது, கன்று பால் குடிப்பதை நிறுத்தியது. நல்ல வீக்கம் சூடாகவும் மெத்தென்றும் இருக்கும், கன்று பாலை விடாது. குளிர்ச்சி, கறுப்பு, துர்நாற்றம், இரை எடுக்காமை, காய்ச்சல், இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அந்த ஆளுக்குப் போன் போட்டால், "வேப்பெண்ணெய் தடவுங்க, சரியாயிடும்" என்றான், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. தம்பி கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் செய்தான், வந்த டாக்டர் பார்த்ததும், தோலுக்கு ரத்த ஓட்டம் மொத்தமாக நின்றுவிட்டது என்றார். செத்த பகுதியை மரத்துப்போகும் ஊசி போட்டு வெட்டி எடுத்து, டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், ஈ வராமல் இருக்க மருந்து என்று பல நாள் பார்த்தார்கள். கன்று பிழைத்தது. அம்மா தினமும் வெதுவெதுப்பான நீரில் கழுவி மருந்து போட்டார்கள். ரத்தமே வராத முறை என்று வாங்கிய காசுக்கு, கத்தி வைத்து அறுத்ததைவிடப் பெரிய புண் மிஞ்சியது.

அவன் விட்டுப்போன மருந்துக் குப்பியை டாக்டர் கேட்டு வாங்கிப் படித்தார். பி காம்ப்ளெக்ஸ் சத்து ஊசி. அதையும் தொடையில் போட்டுவிட்டு உடனே இடுக்கியை மூடியிருக்கிறான். உண்மையான மரப்பு ஊசியான லிக்னோகைன் விதைப்பையின் கழுத்தில், நரம்பைச் சுற்றிப் போடுவது, போட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து தொட்டுப் பார்த்து, கன்று நெளியவில்லை என்றால்தான் அழுத்த வேண்டும். அந்த வலி ஒரு நாளில் போவதில்லை என்பதால் மெலாக்சிகாம் போன்ற வலிக்குறைப்பு ஊசியும் எடைக்கு ஏற்பத் தருவார்கள். இந்தியாவில் 2023இல் வந்த விதிகள்படி காயடிப்பைப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான், வலி தெரியாமல் செய்ய மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும். ஆகவே ஊசியைத் தொடையில் குத்திவிட்டு நேராக இடுக்கியை எடுப்பவனைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

பெரிய கன்றின் கதை வேறு. அதன் நரம்பு தடித்திருக்கிறது, விரலிலிருந்து நழுவும். அவன் அதை ஓரத்துக்குத் தள்ளிப் பிடிக்காமல் ஒரு பக்கம் சும்மா தோலைத்தான் கடித்திருக்கிறான், இரண்டாவது அழுத்தும் கிடையாது. வீக்கம் நன்றாக வடிந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து டாக்டர் தடவிப் பார்த்தபோது இடது விதை சுண்டி நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாகியிருந்தது, வலது விதை பழைய அளவில் மெத்தென்று இருந்தது. ஒரு விதை இருந்தாலே போதும், அது காளைதான், சினை பிடிக்க வைக்கும், முரட்டுத்தனமும் போகாது. எங்கள் பக்கத்து வீட்டுக் கிடாரிகளோடு இத்தனை நாளும் மேய்ந்திருக்கிறது, அந்த வீட்டுக்காரர் இப்போது என் தம்பியிடம் பேசுவதில்லை. வலது பக்கம் திரும்பவும் அழுத்த வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார்.

வயதைப் பற்றி இங்கே நம் ஆட்களிடையே வாக்குவாதம் உண்டு. சீக்கிரம் காயடித்தால் திமில் வராது, கழுத்து தடிக்காது, ஏர் இழுக்காது என்று பெரியவர்கள் ஒன்றரை இரண்டு வயது வரை விடுவார்கள். அதில் உண்மை இருக்கிறது, காளைத்தன்மை கொஞ்ச நாள் இருந்தால் கழுத்து கட்டும். ஆனால் வயது ஏற ஏற நரம்பு தடிக்கும், வலி கூடும், வீக்கம் கூடும், ஒரு பக்கம் தவறிப்போகும் வாய்ப்பும் கூடும். கன்றின் உடம்புக்கு எளிது விதைகள் இரண்டும் பைக்குள் இறங்கி நரம்பு கைக்குத் தட்டுப்படும் ஒன்று முதல் மூன்று மாதம். ஆறு மாதம் வரை பெரிய சிக்கல் இல்லை. உழவுக்காகத் தள்ளிப்போடுவதென்றால் மரப்பு ஊசி, பெரிய இடுக்கி, கைப்பழக்கம் உள்ள டாக்டர் மூன்றும் இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள் என்பது என் கருத்து.

கன்றைப் பிடிப்பதும் பாதி வேலை. மணலோ வைக்கோலோ உள்ள இடத்தில் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, மேல் பக்கத்துப் பின்னங்காலை முன்னோக்கி இழுத்துக் கட்டினால் விதைப்பை தெளிவாகத் தெரியும். பெரிய கன்றுக்கு முந்தின இரவிலிருந்து தீனி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றில் படுத்திருக்கும்போது வயிறு உப்பும். பிடிக்கும் முன் பையைத் தடவிப் பார்க்காத ஆளை நம்பாதீர்கள். சில கன்றுக்குக் குடல் பைக்குள் இறங்கியிருக்கும், அதன்மேல் இடுக்கி விழுந்தால் கன்று செத்துவிடும். இடுக்கியும் தேய்ந்திருக்கக் கூடாது. அட்டை மடிப்புக்குள் ஒரு நூலை வைத்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், நூல் அறுபட வேண்டும், அட்டை கிழியக் கூடாது. இதைச் செய்து காட்டத் தயங்குபவனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பணம் வாங்கிய நபரிடம் நேரில் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும், நான் ஆளைத்தான் சொன்னேன்" என்கிறார். மருந்துக்கு என்று பிரித்து வாங்கிய 25 வெள்ளியாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன், இன்றுவரை வரவில்லை. அவர் இப்போதும் வேறு ஆட்களிடம் இதே பேச்சைப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போதும், இங்கிருந்து யாரிடமும் வெள்ளி கொடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

அவன் கையால் ஏற்கெனவே காயடித்த கன்று யார் வீட்டிலாவது இருந்தால், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தடவிப் பாருங்கள். இரண்டும் சுண்டிவிட்டன என்று டாக்டர் சொல்லும்வரை கிடாரிகளிடமிருந்து தனியாகக் கட்டுங்கள்.