நல்ல கரு வைத்தும் பதியவில்லை: எந்தப் பரிசோதனை எதை மாற்றுகிறது?

ஐ.வி.எஃப் சிகிச்சையில் ஐந்தாம் நாள் கரு, தரம் 4ஏஏ, கர்ப்பப்பையின் உட்படலம் 9 மி.மீ., கருவை உள்ளே வைக்கும் டிரான்ஸ்ஃபர் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனாலும் கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பீட்டா ஹெச்.சி.ஜி நெகட்டிவ். இரண்டாவது, மூன்றாவது முறையும் அப்படியே ஆனால், கையில் நீளமான பரிசோதனைப் பட்டியல் ஒன்று வந்து சேரும். அந்தப் பட்டியலில் சில சோதனைகள் அடுத்த டிரான்ஸ்ஃபரை உண்மையிலேயே மாற்றுகின்றன. பல சோதனைகள் பில்லை மட்டுமே மாற்றுகின்றன.

பட்டியலுக்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 4ஏஏ என்பது மைக்ரோஸ்கோப்பில் தெரியும் தோற்றம்தான். உள்ளே குரோமோசோம் எண்ணிக்கை சரியா என்று அது சொல்லாது. 35 வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு கருவில் குரோமோசோம் பிழை இருக்கும். 42 வயதில் நான்கில் மூன்றில் இருக்கும். ஆகவே 32 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு கரு பதியும் வாய்ப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உடலில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இரண்டு முறை தோற்க 36 சதவீதமும் மூன்று முறை தோற்க 21.6 சதவீதமும் வாய்ப்பு உண்டு. ஐந்தில் ஒருவர்! மூன்று தோல்வியைப் பார்த்ததும் "உங்கள் கர்ப்பப்பை கருவை ஏற்கவில்லை" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023இல் வெளியிட்ட பரிந்துரையும் இதே வழியில்தான் போகிறது. அதுவரை வைத்த கருக்களின் கூட்டு வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டியும் பதியவில்லை என்றால்தான் தேடலைத் தொடங்கச் சொல்கிறது. மேலே சொன்ன 32 வயதுக்காரருக்கு இரண்டாவது தோல்வியிலேயே அது 64 ஆகிவிடும். 41 வயதில் ஒரு கருவுக்கு 15 சதவீதம்தான் என்றால் ஆறாவது தோல்வியில்தான் 60ஐத் தாண்டும். ஒரே விதியை எல்லோருக்கும் போட முடியாததற்குக் காரணம் இதுதான்.

தேடலில் முதல் சோதனைக்குச் செலவே இல்லை. பழைய ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரிலும் உட்படலம் 7 மி.மீ.க்குக் குறைந்ததா, கருவை வைக்கும் மெல்லிய குழாயான கெதீட்டர் எளிதாக நுழைந்ததா, வெளியே எடுத்தபோது ரத்தம் ஒட்டியிருந்ததா என்று பார்க்க வேண்டும். அதோடு உட்படலத்தைக் கருவுக்குத் தயாராக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் முதல் டோஸ் எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நாள் கருவுக்கு முதல் டோஸிலிருந்து ஏறக்குறைய 120 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். தொடங்கிய நாளை முதல் நாள் என்று ஒருவரும் பூஜ்ஜியம் என்று இன்னொருவரும் எண்ணினால் ஒரு முழு நாள் தவறிவிடும்.

இதை ஒட்டி வரும் ரத்தப் பரிசோதனைக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்: டிரான்ஸ்ஃபர் நாளில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு. மாத்திரையால் உட்படலத்தை வளர்க்கும் சுழற்சியில் கருமுட்டை வெடிப்பதில்லை. அதனால் உடல் தானாகப் புரோஜெஸ்டிரோன் சுரக்காது, வெளியிலிருந்து தருவதுதான் மொத்தமும். யோனி வழியாக 400 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு முறை வைத்தும், பெண்களில் கணிசமானோருக்கு ரத்த அளவு ஏறுவதில்லை. ஸ்பெயினில் நடந்த ஆய்வுகளில் ரத்த அளவு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கர்ப்பம் நிலைப்பது குறைவாக இருந்தது. அளவு 6 என்று வந்தால் தோலுக்கடியில் 25 மி.கி. ஊசியோ தசை ஊசியோ சேர்க்கலாம். மாதவிடாய் ஒழுங்காக வருபவராக இருந்தால் அடுத்த முறை இயற்கைச் சுழற்சியிலேயே வைக்கலாம். அதில் வெடித்த முட்டைப்பையே ஹார்மோனைச் சுரந்துவிடும்.

இதில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்தான டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரையை இந்த ரத்தப் பரிசோதனை கண்டுகொள்ளாது. அந்த மாத்திரை எடுப்பவருக்கு அளவு குறைவாக வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. தசை ஊசி போடுபவருக்கு எண் பெரிதாகவே வரும் என்பதால் அங்கும் அந்த 9 என்ற கோடு பொருந்தாது.

அடுத்தது கர்ப்பப்பையின் வடிவம். 3டி ஸ்கேனோ, கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பியோ பாலிப், உட்புற நார்த்திசுக்கட்டி, நடுச்சுவர், ஒட்டல் ஆகியவற்றைக் காட்டும். இவற்றில் பலவற்றை ஹிஸ்டெரோஸ்கோப்பியின்போதே சரிசெய்யவும் முடியும். கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து பதியும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்குகிறது. ஸ்கேனில் குழாய் வீங்கித் தெரிந்தால், அதை நீக்கியோ அடைத்தோ முடிக்காமல் அடுத்த கருவை வைப்பது வீண்.

ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்யும்போதே ஒரு துளி திசு எடுத்து, நாள்பட்ட உட்படல அழற்சி இருக்கிறதா என்று சி.டி.138 சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். நியாயமான சோதனைதான், ஆனால் அளவுகோல் தளர்வானது. அந்தச் சாயத்தில் அழற்சியின் அடையாளமான பிளாஸ்மா செல் எத்தனை தெரிந்தால் நோய் என்பதில் ஆய்வகங்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் இருந்தால் போதாது, எண்ணிக்கையும் கேட்டு வாங்க வேண்டும். சிகிச்சை வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை, மாலை, 14 நாள். மலிவானது என்பதே அதன் பெரிய பலம்.

நம் ஊரில் அதே திசுவைக் காசநோய் பி.சி.ஆருக்கும் அனுப்புவார்கள். கர்ப்பப்பைக் காசநோய் இங்கே உண்மையான பிரச்சினை. குழாயை அடைக்கும், உட்படலத்தை ஒட்ட வைக்கும். ஆனால் பி.சி.ஆர் செத்த கிருமியின் டி.என்.ஏவையும் பிடிக்கும், மாசு கலந்தாலும் பாசிட்டிவ் காட்டும். கல்ச்சர், திசு ஆய்வு, லேப்ராஸ்கோப்பி எதிலும் அறிகுறி இல்லாமல் பி.சி.ஆரை மட்டும் நம்பி ஆறு மாத மருந்தைத் தொடங்கச் சொன்னால் இரண்டாவது கருத்து கேட்பது அவசியம்.

ரத்தத்தில் உறைவைத் தூண்டும் ஆன்ட்டிஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள்கள், தைராய்டு, கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப்: இவ்வளவு போதும். எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் அதற்கு அர்த்தம்.

உட்படலத் திசுவைச் சோதிக்கும் இ.ஆர்.ஏ தனி ரகம். பதியும் 'ஜன்னல்' எப்போது திறக்கிறது என்று சொல்வதாக விற்கப்படுகிறது. அதற்காக ஒரு சுழற்சி முழுக்க மருந்து எடுத்து, கருவே வைக்காமல் திசு மட்டும் எடுக்க வேண்டும். 2022இல் ஜாமா இதழில் வந்த ஆய்வில் 767 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஜன்னல் பார்த்து நேரம் மாற்றியவர்களில் 58.5 சதவீதமும் வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். அவர்கள் தொடர் தோல்விக்காரர்கள் அல்ல என்ற ஆட்சேபம் சரிதான். ஆனால் தொடர் தோல்வியில் இது உதவுகிறது என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது.

ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் செல்லான என்.கே. செல்லை எண்ணுவதையும் எஷ்ரே பரிந்துரைக்கவில்லை. அந்த எண் கர்ப்பப்பையில் உள்ள செல்களைப் பற்றி எதுவும் சொல்லாது. அதை வைத்து வரும் ஸ்டீராய்டு நிலையோ இன்னும் மோசம். தொடர் தோல்வி கண்ட 715 பெண்களுக்கு 10 மி.கி. பிரெட்னிசோன் கொடுத்துப் பார்த்த 2023 ஆய்வில் குழந்தைப் பேறு கூடவில்லை, குறைப்பிரசவம் கூடியது.

அந்த 32 வயதுக்காரருக்கு மூன்றாவது தோல்விக்குப் பின் நியாயமான பட்டியல் இப்படித்தான் அமையும்: ஃபைல் மறுவாசிப்பு, திசுவோடு சேர்த்து ஹிஸ்டெரோஸ்கோப்பி, மூன்று ரத்தப் பரிசோதனைகள், அடுத்த டிரான்ஸ்ஃபர் நாளில் புரோஜெஸ்டிரோன். உறைவில் இரண்டு கரு மீதமிருந்தால் அவற்றை உருக்கி, பயாப்சி எடுத்து, மறுபடி உறைய வைத்து, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும் பி.ஜி.டி-ஏ செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு உறைவிலும் கருவை இழக்கும் ஆபத்து உண்டு. சோதனை கருவைத் தேர்ந்தெடுக்க உதவுமே தவிர, சரிசெய்யாது. இரண்டையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். பதியாமல், மறுபடி முட்டை எடுக்க நேர்ந்தால், புதிதாக வரும் கருக்களுக்கு முதல் உறைவுக்கு முன்பே பி.ஜி.டி-ஏ பற்றிப் பேசலாம்.