வர்த்தகத் தளமா, தூதரக வணிகப் பிரிவா?

பொள்ளாச்சியிலிருந்து 5 கிலோ தென்னை நார்த்தூள் கட்டிகளை நெதர்லாந்துக்கு விற்க முயலும் சிறு ஏற்றுமதியாளருக்கு இரண்டு வழிகள் உள்ளன.

செலவு: இணைய வர்த்தகத் தளங்கள் முன்னிலைப்படுத்துவதற்குப் பெரும்பாலும் ஆண்டுக் கட்டணம் கேட்கும், ஹேக் நகரிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதக் கட்டணமில்லை.

வேகம்: தளத்தில் விசாரணைகள் விரைவாக வரும். தூதரகப் பதில் தாமதமாகலாம்; 5305 என்ற சுங்கக் குறியீட்டைச் சொல்லிக் கேட்டால் இறக்குமதியாளர் பட்டியல் கிடைக்கக்கூடும், ஆனால் அவர்கள் பணம் தருவார்கள் என்பதற்குத் தூதரகம் பொறுப்பேற்காது.

நம்பகம்: இதுவே முக்கியம். மாதிரி கேட்கும் மின்னஞ்சலில் உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன், ஈரப்பதம், நீரில் ஊறியபின் கிடைக்கும் கன அளவு ஆகியவற்றைக் கேட்டு, கூரியர் செலவையும் ஏற்பவர் பெரும்பாலும் உண்மையான வாங்குநர். எதையும் கேளாமல் இலவச மாதிரி மட்டும் கோருபவருக்கு முதலில் ஆய்வறிக்கையை அனுப்பினால் போதும்.

விலை நிலவரம் அறியத் தளம் உதவும். நிலையான வாங்குநரைத் தேடுபவர் தூதரகப் பட்டியலிலிருந்து தொடங்குவதே நல்லது.