பாட்டில் அசையக் கூடாது, பின்னணி மட்டும் மாற வேண்டும்: கண்ட்ரோல்நெட் பயன்பாட்டு அனுபவம்

ஒரே பொருள், ஒரே கோணம், படத்தில் ஒரே இடம். பின்னணி மட்டும் ஒருமுறை பளிங்கு மேடை, அடுத்த முறை பாசி படர்ந்த பாறை. இந்த வேலைக்கு, எழுத்தில் கேட்பதைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷனோடு, படத்தின் வடிவத்தை ஒரு வரைபடத்தால் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல்நெட்டை நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன். ஓரக் கோடுகளைக் காட்டும் விளிம்பு வரைபடம் நல்லதா, எது அருகில் எது தொலைவில் என்று காட்டும் ஆழ வரைபடம் நல்லதா என்பதைவிட, அந்த வரைபடத்தில் பொருளுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பம்ப் மூடி வைத்த வெள்ளை லோஷன் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேனி முறையில், வழக்கமான 100, 200 வரம்புகளோடு விளிம்பு எடுத்தால் பாட்டிலோடு மேசையின் ஓரமும் நிழலின் கோடும் சேர்ந்தே வரும். பிறகு பாறை கேட்டாலும், மேசை மாதிரி நேராக வெட்டிய பாறைதான் கிடைக்கும். அதனால் வரைபடத்தைத் திறந்து, பாட்டிலைத் தவிர மற்ற கோடுகளைக் கறுப்பால் அழித்துவிடுவேன்.

இதோடு முடிவதில்லை. வெறும் கறுப்பை ‘இங்கே கோடே வேண்டாம்’ என்றுதான் மாடல் எடுத்துக்கொள்கிறது. பின்னணி மங்கலான சுவராகிவிடும். கட்டுப்பாடு பாட்டில் பகுதியில் மட்டும் வேலை செய்யும்படி மாஸ்க் கொடுப்பதே சரியான வழி. அந்த வசதி இல்லாத இடத்தில் `Control Weight` 0.8, `Ending Control Step` 0.6 என்று வைப்பேன், அதாவது கட்டுப்பாட்டின் பலத்தைக் கொஞ்சம் குறைத்து, அறுபது சதவீதப் படிகளோடு அதை நிறுத்திவிடுவேன். வடிவம் முதல் படிகளிலேயே அமைந்துவிடும். மீதிப் படிகளில் பாசியும் ஈரமும் ஓரளவு வரும்.

விளிம்பு மட்டும் இருந்தால் பாட்டில் சில சமயம் அந்தரத்தில் மிதக்கும், ஏனென்றால் தரை எங்கே என்று அது சொல்வதில்லை. அங்கேதான் ஆழ வரைபடம் கைகொடுக்கிறது. அதை 0.4 அளவில் இரண்டாவதாகச் சேர்த்தால் பாட்டில் தரையில் உட்கார்ந்து நிழலும் சரியாக விழும். ஆனால் ஸ்டுடியோவின் பின்சுவரும் அதில் பதிந்திருக்கும். காடு கேட்டால் சுவரில் ஒட்டிய காட்டுப் படம் போல வரும். இந்த வரைபடங்களில் அருகில் இருப்பது வெளிச்சம், தொலைவு இருட்டு. ஆகவே சுவர்ப் பகுதியை இருட்டாக்கினால் காட்டுக்கு ஆழம் கிடைக்கும். கண்ணாடிப் பாட்டிலுக்கு மட்டும் ஆழத்தை நம்பாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதையே அது அளந்துவிடும்.

லேபிள் எழுத்தை எந்த அமைப்பாலும் காப்பாற்ற முடியாது. மாடல் படத்தை எட்டில் ஒரு பங்கு அகல உயரத்துக்குச் சுருக்கித்தான் வேலை செய்கிறது, சின்ன எழுத்துகள் அதில் உடைந்துவிடும். கடைசியில் அசல் பாட்டிலை வெட்டி மேலே வைத்துவிடுகிறேன். அதற்கு முன், உருவான படத்தின் மேல் அசல் படத்தை ஒரு லேயராக, வேறுபாட்டை மட்டும் வெளிச்சமாகக் காட்டும் `Difference` முறையில் போட்டுப் பார்ப்பேன். பாட்டிலைச் சுற்றி வெளிச்சக் கோடு தெரிந்தால் வடிவம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அதைத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அப்புறம், அசலில் ஒளி இடப்பக்கம் இருந்து வந்தால் பிராம்ப்டிலும் அப்படியே எழுதுங்கள், இல்லையென்றால் பாட்டில் ஒட்டவைத்தது போலவே தெரியும்.