கோடிங்கா, டினையலா? போஸ்டிங் வேலை போன பொறவு நான் எடுத்த முடிவு

சித்தப்பா மவன் பி.காம் முடிச்சிட்டு பாளையில ஒரு சென்டர்ல மெடிக்கல் கோடிங் கிளாஸுக்கு பணம் கட்டப் போறான். "அண்ணே, ஏஐ வந்து இதையும் தூக்கிரும்னு சொல்லுதாவளே, கோடிங் போவட்டா இல்ல உங்கள மாரி ஏஆர் போவட்டா"னு கேட்டான். ஏஆர்னா இன்சூரன்ஸ்காரன்ட்டேந்து வராம கெடக்க காச கேட்டு வாங்குத வேலை, அதுல அவன் முடியாதுன்னு திருப்பிவிட்ட பில்ல பாக்குதது டினையல். அவனுக்குச் சொன்னதத்தான் இங்க கொஞ்சம் வெவரமா எழுதுதேன்.

நான் மொதல்ல ரெண்டுலயும் இல்ல, பேமென்ட் போஸ்டிங். எந்த பில்லுக்கு எம்புட்டு குடுத்தோம்னு அமெரிக்க இன்சூரன்ஸ்காரன் அனுப்புத கணக்குச் சீட்ட, அதான் ஈஓபிய, பாத்து சிஸ்டத்துல ஏத்துதது. டாக்டர் பில்லு 210 டாலர், இன்சூரன்ஸ் ஒத்துக்கிட்டது 132.50, அதுல அவன் குடுத்தது 106, பேஷன்ட் பங்கு 26.50, மிச்சம் 77.50 CO-45ங்க காரணக் கோடு போட்டு தள்ளுபடி. மூணையும் கூட்டுனா 210 வரணும், பேட்ச் மொத்தம் செக்கு தொகையோட ஒத்துப்போவணும், அம்புட்டுதான். எலக்ட்ரானிக்கா வாரது ரொம்ப நாளாவே தானா ஏறிரும், எங்க கைக்கு மிச்சம் இருந்தது ஸ்கேன் பண்ண பேப்பர் மட்டும். புது டூல் வந்து அதையும் படிக்க ஆரம்பிச்சதும் 14 பேரு இருந்த டீம் 5 ஆச்சு. டூல் தப்பே பண்ணாதுன்னு இல்ல, 8ஐ 3ன்னு படிக்கும், ஆனா கூட்டல் இடிச்சிரும், அந்த நிமிசமே தெரிஞ்சிரும். பெறவு எதுக்கு 14 பேரு?

அப்பதான் கோடிங் படிக்கதா, டினையல் டீமுக்கு மாறுததான்னு வந்து நின்னேன். கோடிங்னா பகல் ஷிப்ட், சத்தமில்லாத வேலை, சம்பளமும் போவப்போவ நல்லாருக்கும். டினையல்னா ராத்திரி முழிப்பு, இங்கிலீஷ்ல போன்ல மல்லுக்கட்டணும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான், வேலைக்கான பதில் கையில இருக்க பேப்பருக்குள்ளயே இருக்கா, இல்ல வெளிய யார்ட்டயாவது கேட்டு வாங்கணுமா. டாக்டர் எழுதுன நோட்ட படிச்சி கோடு போடுததுன்னா பதில் பூரா அந்த நோட்டுக்குள்ளதான், படிக்கத்தான் டூல் வந்திருக்கே. எக்ஸ்ரே, சாதா ஓபி விசிட் மாரி ஒரே அச்சுல வாரதுல இப்பவே டூல் கோடு போட்டு வைக்கி, ஆளு சரிபாக்காவ. இன்பேஷன்ட் கோடிங் வேற கதைன்னு சொல்லுதாவ, நான் அதுல உக்காந்ததில்ல, அதனால அதப்பத்தி அடிச்சிச் சொல்ல மாட்டேன்.

டினையல் எப்படின்னா, போன மாசம் வந்த ஒண்ணச் சொல்லுதேன். முழங்கால் எம்ஆர்ஐ, இன்சூரன்ஸ்காரன் CO-197னு திருப்பிட்டான், அதாவது முன்அனுமதி இல்லையாம். டூல் அப்பீல் லெட்டர் அடிச்சிக் குடுத்துச்சி பாருங்க, வக்கீல் நோட்டீஸ் தோத்துரும், முன்அனுமதி முறையா வாங்கிருக்கு, நம்பர் இதுன்னு. நம்பரும் நெசந்தான். ஆனா அனுமதி காப்பிய தொறந்து பாத்தா அதுல இருக்கது 73721, மருந்து ஏத்தாம எடுக்க ஸ்கேன். பில்லு போனது 73723, மொதல்ல ஏத்தாம எடுத்து பெறவு ஏத்தியும் எடுத்தது. அந்த லெட்டர் போயிருந்தா வாரக்கணக்கா காத்துக்கெடந்து மறுபடி 'இல்ல'ன்னு வரும், அதுக்குள்ள அப்பீல் கெடுவும் தேஞ்சிரும். போஸ்டிங்ல தப்பு அந்த நிமிசமே இடிக்கும், இங்க தெரியும்போது காசு போயிருக்கும்.

போன் போட்டேன், 40 நிமிசம் ஹோல்டு. அங்க உள்ள அம்மா, டாக்டர் ஆபீஸ்லேந்து ஏன் மருந்து ஏத்துனாவன்னு காரணம் ஃபேக்ஸ் வந்தா அனுமதிய மாத்தித் தாரோம்னுச்சி. எல்லா கம்பெனிக்காரனும் இப்படி பின்னால மாத்தித் தர மாட்டான், கேட்டாத்தான் தெரியும். அவங்க பேரு, கால் ரெஃபரன்ஸ் நம்பர் ரெண்டையும் நோட்ஸ்ல போட்டுட்டு, ஆபீஸ் மேனேஜருக்கு மெயில் தட்டி, ரெண்டு நாளு நச்சரிச்சி ஃபேக்ஸ் அனுப்ப வச்சேன். காசு வந்துச்சி. இந்த ரெண்டு நாளு நச்சரிப்பு எந்த பேப்பர்லயும் எழுதியிருக்காது.

அதுக்காக ஏஆர் முழுசா பத்திரம்னு நெனச்சிராதிய. கிளெய்ம் வந்துச்சா, எந்த நெலமையில கெடக்குன்னு மட்டும் கேக்க கால் இப்பவே போர்ட்டல்லயே முடிஞ்சிருது, ஆளுக்குப் பதிலா போன்ல பேசுத ஏஐயும் வந்துட்டு. புதுசா சேருத பிள்ளையள மொதல்ல போடுதது அதுலதான், அங்கயே நின்னா போஸ்டிங் கதைதான். நான் டினையலுக்கு வந்தே ரெண்டு வருசந்தான், அஞ்சு வருசம் கழிச்சி எப்படின்னு என்னைய கேக்காதிய.

தம்பிக்கு என்ன சொன்னேன்னா, கோடிங்கே படி, ஆனா கோடரா நிக்காத. 73721க்கும் 73723க்கும் வித்தியாசம் தெரியாதவன் அந்த அனுமதி காப்பிய பாத்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான், எனக்கே அத பக்கத்து சீட்டு கோடர் அக்காதான் சொல்லிக்குடுத்தாவ. படிச்சிட்டு டினையல் பக்கம் வா, சேரும்போதே எந்த டீம்னு கேளு, ஸ்டேட்டஸ் காலிங்னா எத்தன மாசத்துல மாத்துவியன்னும் கேளுன்னேன். அவனுக்கு எல்லாம் சரிதான், ராத்திரி முழிக்கது மட்டுந்தான் சித்தி ஒத்துக்கிட மாட்டேங்கா.