நாலெல்லையா, அளவைப் படமா?

மட்டக்களப்பில் காணி வாங்குவோர் பலர் உறுதியிலுள்ள நாலெல்லை போதுமா, நில அளவைப் படமும் வேண்டுமா என்று தடுமாறுகிறார்கள்.

செலவு: நாலெல்லைக்குத் தனியே எதுவுமில்லை. படத்துக்கு நில அளவையாளருக்குக் கட்டணம் உண்டு.

நிலைப்பு: "வடக்கே இன்னாரின் வளவு" என்பது அந்த வளவு கைமாறினால் குழம்பும். படம் இருந்தால், வேலி போனாலும் அளந்து எல்லையை மீட்கலாம்.

பிரிக்கும்போதுதான் கவனம் தேவை. கல்லடியில் பழைய படமொன்றில் துண்டு 3 எனக் காட்டிய 20 பேர்ச்சஸ் காணி, 12 பேர்ச்சஸ் ஆகவும் 8 பேர்ச்சஸ் ஆகவும் பிரிகிறது என்று வையுங்கள். புதுப் படத்தில் அவை துண்டு 1, துண்டு 2 ஆகலாம். பழைய படத்திலும் துண்டு 1 இருக்கும், ஆனால் அது வேறு காணி! அதனால் உறுதியில் துண்டு இலக்கத்தோடு படத்தின் இலக்கம், திகதி, அளவையாளர் பெயர் மூன்றையும் பாருங்கள்.

பரம்பரை வளவில் சண்டையின்றிக் குடியிருக்க நாலெல்லை போதும். பிரிக்க, விற்க என்றால் படம்தான்.