அரசாங்க ரேட்டைக் காட்டி விலை பேசும் புரோக்கர்: கே.ஆர்.புரம் பக்கம் சைட் விற்பவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் கே.ஆர்.புரம், ராமமூர்த்தி நகர் பக்கம் பழைய சொசைட்டி லேஅவுட்டில் சைட் வைத்துக்கொண்டு விற்கலாமா என்று யோசிக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு புரோக்கரிடம் பேசுங்கள். என் அம்மா பேரில் இருந்த சைட்டை 72 லட்சத்துக்கு விற்றோம். வாங்கியவர் கொடுத்தது 93 லட்சம். நடுவில் 21 லட்சம் எப்படிக் கை மாறியது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஏனென்றால் அந்த ஆள் எங்களிடம் காட்டிய காகிதங்களில் ஒன்றுகூடப் போலி கிடையாது.

சைட்டைப் பற்றி முதலில். 30க்கு 40, அதாவது 1200 சதுர அடி. அப்பா வேலையில் இருந்தபோது ஊழியர் ஹவுசிங் சொசைட்டி மூலமாக வாங்கியது. மூலை சைட். 30 அடிப் பக்கம் 40 அடி ரோட்டைப் பார்க்கும், 40 அடிப் பக்கம் 30 அடி கிராஸ் ரோட்டைப் பார்க்கும். லேஅவுட் அப்ரூவல் ஆனது, இ-காத்தாவும் கையில் இருந்தது. தங்கை கல்யாணத்துக்காக விற்க முடிவு செய்தோம்.

புரோக்கர் நம் ஆள்தான், ஓசூர்ப் பக்கம். முதல் நாளே ஒரு ஃபைலோடு வந்தார். வாயால் விலை சொல்லாமல் காகிதத்தால் சொல்கிற புரோக்கரை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. முதல் காகிதம் அரசு வழிகாட்டி மதிப்புப் பட்டியலின் ஒரு பக்கம். இங்கே கைடன்ஸ் வேல்யூ என்பார்கள். சதுர மீட்டருக்கு 45,200 ரூபாய் என்ற வரியில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தார். சதுர மீட்டரை அடியாக்க 10.764-ஆல் வகுக்க வேண்டும்; அடிக்கு 4,200 வரும். "பாருங்கம்மா, கவர்ன்மென்ட் ரேட்டே 50 லட்சம்தான். நான் 72 வாங்கித் தர்றேன்" என்றார். அரசாங்க விலைக்கு மேல் 21 லட்சத்துக்கும் அதிகம் என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம்தான்.

அந்த 45,200 உண்மையான எண்தான். ஆனால் எங்கள் சைட்டுக்கு உரிய வரி அதுவல்ல. இந்தப் பட்டியல் சார்பதிவாளர் அலுவலகம் வாரியாக, அதற்குள் ஊர் வாரியாக இருக்கும். ஒரே ஊர் பெயருக்குக் கீழே பல வரிகள் வரும். லேஅவுட் பெயர் சொல்லாத பொது வரி ஒன்று, அப்ரூவல் ஆன லேஅவுட்டுகளுக்குத் தனித்தனி வரிகள், சில இடங்களில் மெயின் ரோட்டுக்கு வேறு வரி. அவர் கோடு போட்டது பொது வரி. அதற்குப் பல வரிகள் தள்ளி எங்கள் சொசைட்டி லேஅவுட்டின் பெயரிலேயே 53,800 என்று இருந்தது. அடிக்கு ஏறக்குறைய 5,000, சைட்டுக்கு 60 லட்சம். மூலை சைட் என்பதால் அதன்மேல் இன்னும் 10 சதவீதம் கூட்டி, பதிவு அலுவலகத்தில் 66 லட்சம் என்று போட்டிருந்தார்கள். ஆக, அவர் பெருமையாகச் சொன்ன "அரசாங்க விலைக்கு மேல் 21 லட்சம்" என்பது நிஜத்தில் 6 லட்சம். முத்திரைத்தாள் கட்டணம் வாங்குபவர் தலையில் விழுவது என்பதால் விற்பவர்கள் அந்த மதிப்பீட்டுத் தாளைப் பொதுவாகப் பார்ப்பதே இல்லை. kaveri.karnataka.gov.in தளத்தில் உங்கள் லேஅவுட்டின் வரியை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். புரோக்கர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் கோடு போட்ட வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளைப் படியுங்கள்.

அடுத்தது இசி, அதாவது வில்லங்கச் சான்று. இதுதான் அவருடைய அசல் வேலை. "வாய் வார்த்தை வேண்டாம், பக்கத்துல வித்ததெல்லாம் ரெக்கார்டுலயே இருக்கு" என்று மூன்று இசிகளை எடுத்து வைத்தார். மூன்றும் அதே லேஅவுட், மூன்றும் 30க்கு 40. பத்திரத்தில் இருந்த தொகை 47 லட்சம், 51 லட்சம், 60 லட்சம். இதைப் பார்த்த பிறகு 72 என்பது யாருக்கும் நல்ல விலையாகத்தான் தெரியும்.

பின்னால் அந்த மூன்றையும் எங்கள் வக்கீல் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். 47 லட்சம் பத்திரம் 2022-ல் பதிவானது. கர்நாடகாவில் வழிகாட்டி மதிப்பு 2023 அக்டோபர் 1 முதல் ஏறியது. அதற்கு முந்தைய பத்திரம் எல்லாம் பழைய மதிப்பை ஒட்டியே இருக்கும். 51 லட்சம் என்பது விற்பனையே இல்லை. அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். இசியில் பத்திரத்தின் தன்மை என்று ஒரு கட்டம் உண்டு, அதில் அப்படியே எழுதியிருந்தது. அது கன்னடத்தில் இருந்தது, அம்மாவுக்குப் படிக்க வராது, அவரும் வாசித்துக் காட்டவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அது நிஜமான விற்பனை, சமீபத்தியது. ஆனால் இசியில் சந்தை மதிப்பு என்று ஒரு தொகையும், பத்திரத்தில் சொன்ன தொகை என்று ஒரு தொகையும் போடுவார்கள். அந்தப் பத்திரத்தில் இரண்டுமே 60 லட்சம், ரூபாய் பிசகாமல். ஒரு விற்பனை விலை அரசு மதிப்போடு அப்படிப் பொருந்துகிறது என்றால் அது பேசி முடித்த விலை இல்லை, பதிவுக்காகப் போட்ட விலை. காரணம் எளிது. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை விடக் குறைத்துப் போட்டாலும் முத்திரைக் கட்டணம் அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வருமான வரியிலும் விற்றவர், வாங்கியவர் இருவரையும் கேட்பார்கள். அதிகமாகப் போட்டாலோ கட்டணமும் வரியும் ஏறும். அதனால் மிச்சத்தை ரொக்கமாகக் கொடுக்கிறவர்கள் சரியாக அந்தக் கோட்டிலேயே பத்திரத்தை நிறுத்திவிடுவார்கள். சட்டப்படி தப்பு, ஆனால் ஊர் முழுக்க நடக்கிறது. வழிகாட்டி மதிப்பு, பக்கத்து விற்பனை என்று அவர் இரண்டு ஆதாரம் காட்டினாரே, இரண்டாவது முதலாவதின் நிழல்தான்.

அப்படியென்றால் இசியை வைத்து நிஜ விலையைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும், கடன் வாங்கி நடந்த விற்பனையைத் தேட வேண்டும். வங்கிக் கடனில் வாங்குகிறவருக்குப் பத்திரத்தில் விலை குறைந்தால் கடனும் குறையும். அதனால் பத்திரத்தில் நிஜ விலைக்குப் பக்கத்தில் போடச் சொல்லி அவரே நிற்பார். இசியில் விற்பனை வரிக்குக் கீழேயே, சில நாளில், வங்கிக்கு மூலப் பத்திரம் ஒப்படைத்த பதிவு ஒன்று வரும், எம்ஓடிடி என்பார்கள். அந்த வரி இருந்தால் மேலே உள்ள விற்பனைத் தொகையைக் கொஞ்சம் நம்பலாம். லேஅவுட் பிளானில் இருக்கும் சைட் நம்பர்களை வைத்து வக்கீல் அக்கம்பக்கத்துக்கெல்லாம் இசி எடுத்தார். எங்கள் சைட்டிலிருந்து மூன்றாவது சைட், அதே 30க்கு 40, மூலை கிடையாது, 30 அடி ரோடு, 2025-ல் விற்றது: 82 லட்சம், கீழேயே வங்கிப் பதிவு. புரோக்கர் கொண்டுவந்த மூன்று இசிகளின் சைட்டுகளும் இதைச் சுற்றித்தான் இருந்தன. இதை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார்.

ரோடு விஷயத்திலும் ஒரு வேலை செய்தார். நேரில் போனபோது டேப் எடுத்துவரச் சொல்லி, அவருடைய பையன் ஒரு முனையைப் பிடிக்க, இவர் மறுமுனையைப் பிடித்து அளந்தார். 31 அடி. "நாற்பது அடி ரோடுன்னு சொல்றீங்க, எங்கம்மா இருக்கு?" என்றார். டேப்பை எங்கிருந்து எதுவரை பிடித்தார் தெரியுமா? எதிர்வீட்டுக்காரர் காரை ஏற்றுவதற்காக ரோட்டின் மேல் கட்டிய சிமெண்ட் சரிவின் நுனியிலிருந்து, எங்கள் பக்கம் பக்கத்து வீட்டார் வரிசையாக வைத்திருந்த செடித் தொட்டிகள் வரை. சாக்கடையும் அதன்மேல் போட்ட பலகைக்கல்லும் கணக்கிலேயே வரவில்லை. ரோட்டின் அகலம் என்பது அப்ரூவல் ஆன லேஅவுட் பிளானில் இருப்பது, சைட் எல்லையிலிருந்து எதிர் சைட் எல்லை வரை. ஆக்கிரமிப்பு கழித்த மிச்சம் அல்ல. நேரில் குறுகலாகத் தெரிவதால் வாங்குபவர் பேரம் பேசுவார், அது வேறு விஷயம்.

மூலை சைட்டைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. இரண்டு பக்கமும் ரோடு என்பதால் இரண்டு பக்கமும் முன்புற இடைவெளி விடச் சொல்லலாம், முனையில் கொஞ்சம் வெட்டியும் போகும். 1200 அடியில் அது ஒரு குறைதான். ஆனால் இரண்டு பக்கமும் வெளிச்சம், மாடிக்குத் தனி வாசல், கீழே வாடகைக்கு விட வழி, கார் நிறுத்த அகலமான பக்கம். இதற்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு. நன்மையை எல்லாம் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு, குறையை மட்டும் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் இப்படி வந்திருக்கும். உள் கிராஸில், மூலை இல்லாத சைட் 82 லட்சம், அடிக்கு 6,800 சொச்சம். மூலைக்கும் 40 அடி ரோட்டுக்கும் சேர்த்து 10 முதல் 15 சதவீதம் கூட்டினால் 90-லிருந்து 94. பேரத்துக்கு இடம் விட்டு 97, 98 என்று சொல்லி ஆரம்பித்திருக்கலாம். 66 லட்சம் என்ற வழிகாட்டி மதிப்புக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. பத்திரம் அதற்குக் கீழே போகக்கூடாது என்பதற்கு மட்டும்தான் அது. இந்தக் கூடுதல் சதவீதமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எதிர்ரோடு கோயிலுக்கோ சுடுகாட்டுக்கோ போகிறதென்றால் மூலை என்பதே பாரமாகிவிடும்.

21 லட்சம் கைமாறியது அக்ரிமெண்டில். 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டது புரோக்கரின் சகலை. அதில் "வாங்குபவர் அல்லது அவர் குறிப்பிடும் நபர் பெயரில் கிரயம் செய்து தர வேண்டும்" என்று ஒரு வரி. எங்களிடம் 72-க்குப் பேசிவிட்டு வேறொருவருக்கு 93-க்குத் தள்ளிவிட வழி வைத்தது அந்த வரிதான். கிரயத்தன்று முகம் தெரியாத ஒரு குடும்பம் வந்தது. அம்மா விற்பவர், அவர்கள் வாங்குபவர், சகலை ஒப்புக்கொள்ளும் தரப்பாகக் கையெழுத்துப் போட்டார். போட்டோ, கைரேகை எல்லாம் முடிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, வாங்கிய வீட்டம்மா தமிழில் பேச்சுக் கொடுத்தார். "நீங்க 93-க்குக் கீழ இறங்கவே மாட்டேன்னுட்டீங்களாமே அம்மா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார்.

போலீஸில் சிவில் விவகாரம் என்றார்கள். ரெரா புரோக்கரைக் கேட்குமா என்றால், அந்தச் சட்டம் பதிவான புராஜெக்டில் விற்கும் ஏஜெண்டுகளுக்கானது. தனியாள் ஒருவரின் பழைய சைட்டுக்கு அது வராது. பத்திரத்தில் பேசிய தொகை முழுக்க வந்துவிட்டது என்று அம்மா கையெழுத்துப் போட்டிருப்பதால் வழக்குப் போட்டாலும் இழுக்கும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அக்ரிமெண்ட் போடும்போதே அந்த "அல்லது அவர் குறிப்பிடும் நபர்" வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். சொந்தத்துக்கு வாங்குகிறவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார், வேண்டுமானால் மனைவி பெயரையோ பிள்ளை பெயரையோ அங்கேயே எழுதிக்கொள்வார்.

அந்த ஆள் இப்போதும் அதே லேஅவுட்டில்தான் சுற்றுகிறார். ஐம்பது வயது இருக்கும், மரியாதையாகப் பேசுவார். மஞ்சள் கோடு போட்ட பட்டியலும் மூன்று இசியும் ஃபைலில் இருக்கும். அவரிடம் உங்கள் வீட்டுக்கு அடுத்த நான்கைந்து சைட் நம்பரை நீங்களே எழுதிக் கொடுத்து, இவற்றுக்கும் இசி எடுத்து வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.